எண்ணுக்குக் கொடுக்கும் விலை

என் இருசக்கர வாகனத்துக்கு வயது பத்துக்கு மேல். கடந்த வாரம் பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நின்று என் முறை வந்தபோது, பணியிலிருந்த இளைஞர் கேட்டார்: 'சார், சாதாவா, பிரீமியமா?' வேறுபாடு என்ன என்று கேட்டேன். 'பிரீமியம் 95 ஆக்டேன் சார். பவர் கூட, மைலேஜும் வரும்' என்றார். லிட்டருக்கு எவ்வளவு கூடுதல் என்பதைக் காட்டிய பலகையைப் பார்த்துவிட்டு, 'சாதா போதும் தம்பி' என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் பிரீமியம் நிரப்பிக்கொண்டார். அவருடைய வண்டியும் என்னுடையதைப் போன்ற சாதாரண வண்டிதான்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு பொருளின் தரத்தை ஒரே எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணுக்கு விலை வைக்கும் சந்தைகளை நான் எப்போதும் சற்று ஐயத்துடனே பார்ப்பேன். அந்த எண் எதை அளக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் தனக்குத் தேவையில்லாததற்குப் பணம் கொடுப்பார். தான் இழப்பதைக் கவனிக்காமல் விடுவார். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும் டீசலின் சீட்டேன் எண்ணும் அப்படிப்பட்டவை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த 'இ-20' பெட்ரோல் நாடெங்கும் விற்கப்படும் இன்றைய நிலையில், இந்த அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலையும் கூடியிருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ஆக்டேன் எண் என்பது எரிபொருளில் அடங்கியுள்ள ஆற்றலின் அளவு அன்று. 95 ஆக்டேன் பெட்ரோல், 91 ஆக்டேன் பெட்ரோலைவிட அதிக வெப்பத்தைத் தரும் என்று பொருளில்லை. அது அளப்பது ஒரே ஒரு குணத்தை மட்டும்: நெருக்கி அழுத்தப்படும்போது, தானாகத் தீப்பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை.

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அழுத்துகிறது. உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை எழுப்புகிறது. அந்தப் பொறியிலிருந்து கிளம்பும் தீ, சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். ஆனால், தீ பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை மேலும் நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. எரிபொருளின் பொறுமை அந்த நேரத்தில் முடிந்துவிட்டால், தீ வந்து சேரும் முன்பே அந்த மீதக் கலவை முழுவதும் ஒரே நொடியில் தானாகப் பற்றிக்கொள்கிறது. அழுத்த அலை ஒன்று சிலிண்டர் சுவரில் மோதி, உலோகத்தை உலோகத்தால் தட்டியதுபோல ஒலிக்கிறது. நம்மூர் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். 'மேட்டுல ஏறும்போது இன்ஜின் அடிக்குதுங்க' என்று அவர்கள் சொன்னால், அதன் பொருள் இதுவாக இருக்கக்கூடும். தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டன் சேதமடையும்.

இந்தத் தட்டலைத் தாங்கும் திறனை எப்படி எண்ணாக்குவது? 1920-களில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் எளிய வழி ஒன்றைக் கண்டார். மிக எளிதில் தட்டும் நார்மல் ஹெப்டேன் என்ற திரவத்துக்குப் பூஜ்யம். எளிதில் தட்டாத ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு நூறு. இவ்விரண்டையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து வைத்துக்கொண்டால் அதுவே ஓர் அளவுகோல். அழுத்த விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜினில், பரிசோதிக்க வேண்டிய பெட்ரோலை முதலில் எரிக்கிறார்கள். தட்டலின் தீவிரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அதே தீவிரத்தில் தட்டும் கலவை எது என்று பார்க்கிறார்கள். 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கொண்ட கலவையைப் போல அந்தப் பெட்ரோல் நடந்துகொண்டால், அதன் ஆக்டேன் எண் 91. அந்தப் பெட்ரோலில் 91 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று பொருளில்லை. ஆக்டேனே மிகக் குறைவாகவும் இருக்கலாம். எண் குறிப்பது நடத்தையை, சேர்மானத்தை அன்று.

இந்தச் சோதனையையும் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். நிமிடத்துக்கு 600 சுற்றுகளில், மிதமான சூழலில் செய்வது 'ஆராய்ச்சி முறை'. 900 சுற்றுகளில், உள்ளே செல்லும் கலவையை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிக் கடுமையாகச் சோதிப்பது 'மோட்டார் முறை'. ஒரே பெட்ரோல் இரண்டாம் முறையில் குறைந்த எண்ணையே பெறும். நம் நாட்டின் பி.எஸ்.-6 தரக்குறிப்பில் சாதாரண பெட்ரோலுக்கு ஆராய்ச்சி முறையில் குறைந்தது 91, மோட்டார் முறையில் குறைந்தது 81. நம் பெட்ரோல் நிலையங்களில் பேசப்படுவது முதல் எண். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அங்கே மகனையோ மகளையோ பார்க்கச் சென்ற பெற்றோர் பலர், 'இவ்வளவு பணக்கார நாட்டில் 87 ஆக்டேன்தானா விற்கிறார்கள்?' என்று வியந்திருப்பார்கள். நம் 91-ஐயும் 81-ஐயும் சராசரியாக்கினால் 86 வரும். ஆக, அவர்களுடைய 87-உம் நம்முடைய 91-உம் ஏறக்குறைய ஒன்றே. அளவுகோல்தான் வேறு.

அப்படியானால் உயர் ஆக்டேனால் பயனே இல்லையா? உண்டு; ஆனால், அந்தப் பயன் எரிபொருளில் இல்லை, இன்ஜினில் இருக்கிறது. கலவையை எவ்வளவு அதிகமாக அழுத்தி எரிக்கிறோமோ, அவ்வளவு அதிக வெப்பம் உந்து ஆற்றலாக மாறும். பாடநூல்களில் உள்ள எளிய சூத்திரப்படி, கலவையைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கும் இன்ஜினின் உச்சத் திறன் ஏறத்தாழ 60 விழுக்காடு. பதினொன்றில் ஒன்றாகச் சுருக்கினால் 61.7. அதாவது, அதே எரிபொருளுக்கு சுமார் இரண்டரை விழுக்காடு கூடுதல் பயன். உராய்வும் வெப்ப இழப்பும் உள்ள உண்மை இன்ஜினில் இந்த எண்கள் எல்லாம் வெகுவாகக் குறையும். எனினும் திசை இதுதான். அதிகமாகச் சுருக்கினால் தட்டும் என்பதுதான் தடை. உயர் ஆக்டேன் எரிபொருள் அந்தத் தடையை விலக்குகிறது. அது ஓர் அனுமதிச் சீட்டு. அந்த அனுமதியைப் பயன்படுத்தும்படி இன்ஜின் வடிவமைக்கப்பட்டிருந்தால் பலன்; இல்லாவிட்டால் சீட்டு சட்டைப்பையிலேயே கிடக்கும்.

அழுத்த விகிதம் என்பது தொழிற்சாலையில் உலோகத்தில் வார்க்கப்பட்டது. பெட்ரோல் நிலையத்தில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் அது மாறாது. தட்டலை உணரும் கருவி பொருத்தப்பட்ட நவீன கார்களில், கணினி தீப்பொறியின் நேரத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்த முடியும். குறைந்த ஆக்டேன் என்றால் பொறியைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காக்கும். உயர் ஆக்டேன் என்றால் முன்கொண்டுவந்து கொஞ்சம் கூடுதல் சக்தி பெறும். டர்போ பொருத்தப்பட்ட கார்களில் இந்த வேறுபாடு ஓட்டுநருக்கே தெரியக்கூடும். அத்தகைய கருவி இல்லாத பழைய இருசக்கர வாகனத்தில், 91-இல் தட்டாத இன்ஜின் 95-இலும் அதே போலத்தான் ஓடும். தட்டாத இன்ஜினுக்குத் தட்டலைத் தடுக்கும் மருந்து எதற்கு?

இனி இ-20 பெட்ரோலுக்கு வருவோம். 2025 ஆகஸ்டில், இந்த எரிபொருளால் மைலேஜ் குறைகிறது என்ற புகார்கள் பெருகியபோது, மத்திய பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108.5, ஒரு காலத்தில் 88 ஆக இருந்த இந்தியப் பெட்ரோலின் எண், பி.எஸ்.-6 தரத்தில் 91 ஆகி, இப்போது இருபது விழுக்காடு எத்தனால் கலப்பால் 95 ஆகியிருக்கிறது. இதனால் வண்டிகளின் செயல்திறன் மேம்படுகிறது என்பது அந்த விளக்கத்தின் சாரம். இதில் எண்கள் பற்றிய பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டது மைலேஜ் பற்றி. விடையில் முன்னிறுத்தப்பட்டது ஆக்டேன். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை மேலே பார்த்தோம். கேள்விக்குரிய கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 32 மெகாஜூல். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல் மட்டுமே. எத்தனால் மூலக்கூறு தனக்குள் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருவதால், ஏற்கெனவே பாதி எரிந்த பொருளைப் போன்றது அது. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த இ-10-இல் லிட்டருக்கு 30.9 மெகாஜூல் இருக்கும். இ-20-இல் 29.8. அதாவது, இ-10-இலிருந்து இ-20-க்கு மாறும்போது ஒரு லிட்டரில் சுமார் மூன்றரை விழுக்காடு ஆற்றலை இழக்கிறோம். எத்தனாலே கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இழப்பு ஏறத்தாழ ஏழு விழுக்காடு.

இப்போது வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 91-இலிருந்து 95-க்கு, நான்கு புள்ளி ஆக்டேன் கூடியிருக்கிறது. இந்த நான்கு புள்ளிகளைக் கொண்டு ஒரு பொறியாளர் அழுத்த விகிதத்தை ஏறத்தாழ ஓர் அலகு உயர்த்தலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பத்திலிருந்து பதினொன்றுக்கு உயர்த்தினால் கிடைப்பது, நாம் பார்த்தபடி, காகிதத்தில் இரண்டரை விழுக்காடு. ஆக, இ-20-க்கென்றே புதிதாக வடிவமைக்கப்பட்ட இன்ஜினில் மூன்றரை இழந்து இரண்டரை வரை மீட்கலாம். நிகர இழப்பு ஒரு விழுக்காடு அல்லது சற்று மேல். பழைய வடிவமைப்புள்ள வண்டியில் மீட்பதற்கு வழியில்லை. இழப்பு முழுவதும் உரிமையாளருக்கே.

இது என் தனிப்பட்ட கணக்கு மட்டும் அன்று. நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்பு வழித்திட்டமும் இதே திசையில்தான் பேசுகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு இ-10-க்குச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில், இ-20 பயன்படுத்தினால் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையும். அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு. இ-10-க்காக வடிவமைக்கப்பட்டு இ-20-க்குச் சீரமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 விழுக்காடு என்று அது மதிப்பிட்டது. அரசின் சிந்தனைக் குழுவே 2021-இல் ஒப்புக்கொண்ட இழப்பை, ஆக்டேன் என்ற வேறொரு எண்ணைக் காட்டி மறைக்கத் தேவையில்லை. இறக்குமதிச் செலவு குறைவது, கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தை கிடைப்பது போன்ற காரணங்களால் எத்தனால் கலப்பை ஆதரிப்பவர்கள் அவற்றைச் சொல்லியே வாதிடலாம். அவை விவாதத்துக்கு உரிய, தகுதியுள்ள காரணங்கள்.

இங்கே பொருளாதாரக் கேள்வி ஒன்று எழுகிறது. எத்தனால் கொண்டுவரும் அந்த ஆக்டேன் யாருக்குப் போகிறது? ஆக்டேன் இலவசமாகக் கிடைப்பதன்று. சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து நேராக வடிந்துவரும் நாஃப்தாவின் ஆக்டேன் மிகக் குறைவு. அதை உயர்த்த 'ரிஃபார்மிங்' போன்ற விலையுயர்ந்த செயல்முறைகள் தேவை. அவற்றில் வெப்பமும் எரிபொருளும் செலவாகும். ஒரு காலத்தில் இந்தச் செலவைத் தவிர்க்கவே ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட அந்தக் குறுக்குவழி, பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றியது. இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டில்தான். ஆக்டேனுக்கு எப்போதும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.

எத்தனாலோ கலந்தவுடன் எண்ணை உயர்த்திவிடுகிறது. 91 எண்ணுள்ள பெட்ரோல் எண்பது பங்கும், 108.5 எண்ணுள்ள எத்தனால் இருபது பங்கும் என்று எளிய சராசரி போட்டாலே 94.5 வந்துவிடும். உண்மையில் எத்தனால் தன் பங்குக்கு மீறியே எண்ணை உயர்த்தும் இயல்புடையது. எனவே, கலவை 95-ஐத் தொடுவதற்கு ஆலையிலிருந்து வரும் அடிப்படைப் பெட்ரோல் 91 ஆக இருக்க வேண்டியதுகூட இல்லை. அதைவிடக் குறைந்த எண்ணுள்ள, ஆகவே தயாரிப்புச் செலவு குறைந்த பெட்ரோலே போதும். ஆக்டேனின் பயனில் ஒரு பகுதி, நுகர்வோரிடம் வருமுன்பே ஆலையில் தங்கிவிட வாய்ப்பிருக்கிறது. மறுபுறம், எத்தனாலின் கொள்முதல் விலை போக்குவரத்தும் வரியும் உட்பட லிட்டருக்குச் சராசரி 71.32 ரூபாய் என்றும், அது சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலின் விலையைவிடக் கூடுதல் என்றும் அமைச்சகம் அதே விளக்கத்தில் கூறியது. இந்த வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதி மக்கள் முன் வைத்தால்தான், சில்லறை விலை நியாயமா என்பதைத் தீர்மானிக்க முடியும்.

இன்னொரு விளைவும் உண்டு. சாதாரண பெட்ரோலே 95 ஆக உயர்ந்துவிட்டது என்ற அமைச்சகத்தின் கூற்றை ஏற்றுக்கொண்டால், '95 ஆக்டேன்' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பிரீமியம் பெட்ரோலின் தனிச்சிறப்பு என்ன? அந்த எண்ணில் இல்லை. இன்ஜினின் உட்புறப் படிவுகளைக் களையும் சேர்மானங்கள் அதில் இருக்கலாம். அவற்றுக்கு ஒரு மதிப்பும் இருக்கலாம். ஆனால் ஆக்டேன் எண் அவற்றை அளப்பதில்லை. என் பின்னால் நின்றவர் எண்ணைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்.

டீசலின் கதை இதற்கு நேர் எதிரானது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் பதினைந்து, இருபது மடங்கு அழுத்திச் சூடேற்றி, அதில் டீசலைத் தூவுகிறார்கள். அது தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் உடனே. பெட்ரோலில் எந்தக் குணம் குற்றமோ, டீசலில் அதுவே தகுதி. தூவியதற்கும் பற்றுவதற்கும் இடைப்பட்ட சில மில்லி நொடித் தாமதத்தை அளப்பதுதான் சீட்டேன் எண். இங்கும் இரண்டு திரவங்கள்: விரைவில் பற்றும் சீட்டேனுக்கு நூறு, தாமதமாகப் பற்றும் ஹெப்டாமெத்தில்நோனேனுக்குப் பதினைந்து. ஆக்டேன் அளவுகோலில் பூஜ்யம் பெற்ற நார்மல் ஹெப்டேன், சீட்டேன் அளவுகோலில் ஐம்பதைத் தாண்டித் தேர்ச்சி பெறும். அங்கே நூறு பெற்ற ஐசோ-ஆக்டேன், இங்கே இருபதைக்கூட எட்டாது. ஒரே குணத்தை இரண்டு முனைகளிலிருந்து பார்க்கும் எண்கள் இவை.

நம் நாட்டில் பி.எஸ்.-6 டீசலின் சீட்டேன் எண் 51-க்குக் குறையக் கூடாது. எண் குறைந்தால், தாமதத்தின்போது தூவப்பட்ட டீசல் தேங்கி, பிறகு மொத்தமாகப் பற்றும். கடகடவென்ற சத்தம் கூடும். உதகை போன்ற குளிர்ந்த ஊர்களில் காலையில் வண்டி எளிதில் புறப்படாது. புறப்பட்டாலும் சிறிது நேரம் வெண்புகை கக்கும். எண் போதுமான அளவில் இருந்தால் இவை இல்லை. அதற்கு மேல் உயர்த்திக்கொண்டே போவதால் பெரிய பலனும் இல்லை. சீட்டேன் எண்ணும் ஆற்றலின் அளவன்று. டீசல் வண்டி கூடுதல் மைலேஜ் தருவதற்குக் காரணம், ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருப்பதும், அந்த இன்ஜினின் உயர்ந்த அழுத்த விகிதமும்தான்.

இந்த எதிர்நிலை புரிந்தால், நம் எரிபொருள் கொள்கையில் ஒரு முட்டுக்கட்டையும் புரியும். இந்தியாவில் பெட்ரோலைவிட டீசலின் நுகர்வு இரு மடங்குக்கும் அதிகம். அப்படியிருக்க, எத்தனாலை ஏன் டீசலில் கலக்கவில்லை? ஆக்டேனில் 108 பெறும் அதே எத்தனால், சீட்டேனில் பத்தைக்கூடத் தொடாது. அது டீசலோடு நிலையாகக் கலந்திருப்பதும் இல்லை. சிறிது ஈரம் சேர்ந்தால் பிரிந்துவிடும். டீசலில் எத்தனால் கலக்கும் முயற்சி வெற்றி பெறவில்லை என்றும், மாற்றாக ஐசோபியூட்டனால் ஆராயப்படுகிறது என்றும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2025-இல் கூறினார். ஐசோபியூட்டனால் டீசலோடு நன்றாகக் கலக்கும். ஆற்றலும் எத்தனாலைவிட அதிகம். ஆனால் அதன் சீட்டேன் எண்ணும் மிகக் குறைவே. எனவே, கலப்பு டீசல் 51-ஐக் காக்க வேண்டுமானால் எண்ணை உயர்த்தும் சேர்மானம் தேவைப்படும். அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை, திட்டம் வருமுன்பே கேட்டுவைப்பது நல்லது.

என்ன செய்யலாம்? பிரேசிலைப் பார்க்கலாம். எத்தனாலைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் அந்த நாட்டில், எத்தனாலும் கலப்புப் பெட்ரோலும் தனித்தனிக் குழாய்களில், தனித்தனி விலையில் கிடைக்கின்றன. இரண்டிலும் ஓடும் வண்டி வைத்திருப்பவர் மனக்கணக்கு ஒன்று போடுவார்: எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே இருந்தால் பெட்ரோல். ஆக்டேன் எண்ணை அவர் கேட்பதில்லை. ஒரு ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காணும் தகவலும் தெரிவும் அவருக்கு இருக்கின்றன. நமக்கு இரண்டும் இல்லை.

நம் பெட்ரோல் நிலையங்களில் ஒவ்வொரு குழாயின் மேலும் மூன்று தகவல்கள் இடம்பெற வேண்டும்: ஆக்டேன் எண், எத்தனால் விழுக்காடு, ஒரு லிட்டரின் ஆற்றல். மூன்றாவது தகவல் இருந்தால், ஆற்றல் குறைந்த லிட்டருக்கு அதே விலை ஏன் என்ற கேள்வி தானாக எழும். இ-20-க்கு வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளை வைத்திருப்போருக்கு விலையில் சலுகையோ, எத்தனால் குறைந்த பெட்ரோலைத் தெரிவு செய்யும் வாய்ப்போ கிடைக்க வேண்டும். அத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை, புதிதாக வாங்க இயலாதவர்களிடம்தான் இருக்கின்றன.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது எளிது. வண்டியின் உரிமையாளர் கையேட்டைப் புரட்டி, தயாரிப்பாளர் கேட்டிருக்கும் ஆக்டேன் எண்ணைப் பாருங்கள். நிரப்பும் பெட்ரோல் அந்த எண்ணைத் தொட்டால் போதும். கையேடு 95-க்கு மேல் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அங்கே கஞ்சத்தனம் இன்ஜினைக் கெடுக்கும். பாரத்தோடு, மேட்டில், உயர் கியரில் ஏறும்போது தட்டல் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். பழைய இன்ஜினில் கரிப்படிவு சேர்ந்தால் அது கேட்கும் ஆக்டேன் உயரும் என்பதால், முன்பு தட்டாத வண்டி இன்று தட்டலாம். அப்போது முதலில் போக வேண்டியது மெக்கானிக்கிடம். பிரீமியம் குழாயிடம் அன்று. ஒலி கேட்கவில்லையென்றால், கூடுதல் எண்ணுக்குக் கொடுக்கும் பணம் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை அந்த இளைஞர் கேட்டால், இதையெல்லாம் அவரிடம் சொல்ல நேரமிருக்காது. பின்னால் வரிசை நிற்கும். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதைச் சொன்னார். அந்த விளக்கத்தைக் குழாயின் மேல் எழுதிவைக்க வேண்டியது, அந்த எண்ணை விற்பவர்களின் பொறுப்பு.